பத்து மணி பீர்

வார்டில் எல்லோரும் அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஒரு சக்கர நாற்காலிக்குப் பின்னால் நிற்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சட்டைப்பையில் குத்திய அட்டையில் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. பதினோரு வருடம் முன்பு அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், குடியை நிறுத்த வந்து படுத்தவர். எழுந்த பிறகு வீட்டுக்குப் போக மனசில்லாமல் அங்கேயே உதவியாளராக ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. இருமலுக்கு மருந்து வாங்கினால்கூட லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

மூன்று வாரமாக அவர் தள்ளிக்கொண்டிருந்தது டிரைவரை.

டிரைவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு சாப்பாட்டுக்குப் பதிலாகவும் குடித்தார். மகள் அழைத்து வந்தபோது கண் இரண்டும் நிலையாக நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. கால் அகல வைத்துத் தள்ளாடினார். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் சுத்தமாக வற்றிப்போயிருந்தது. ஊசி வழியாக அது உள்ளே போனதும் கண் இரண்டு நாளில் சரியானது. மனக்குழப்பம் ஒரு வாரத்தில் தெளிந்தது. கால் மட்டும் இன்னும் ஒத்துழைக்கவில்லை. தெளிந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. புதிதாக எதுவும் அவர் தலைக்குள் தங்கவில்லை.

தங்காத இடத்தை அவர் காலியாகவும் விடவில்லை. அதுதான் வேடிக்கை.

"யோவ் கண்டக்டர், லேட்டாயிடுச்சு, விசில் குடு," என்பார் காலையில்.

"நான் கண்டக்டர் இல்லண்ணே. வார்டுல வேலை பாக்கறேன். உங்கள மருந்து ரூமுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"அதான், அங்கதான் போகணும். ஏறு."

ஏறுவது யார், தள்ளுவது யார் என்று சக்கரம் வாதாடுவதில்லை. வார்டு சிஸ்டர் போட்ட விதி அது. மறுத்துச் சண்டை போடாதே, ஆமாம் போட்டு ஏற்றியும் விடாதே. உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லு, வேலையைப் பாரு. அதைவிடப் பெரிய விதி இன்னொன்று: யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கவே கூடாது. "யூகிக்க விட்டா வாய்க்கு வந்ததச் சொல்லுவாரு," என்பார் சிஸ்டர். "சொன்னது மனசுல உக்காந்துக்கும். அது தப்புன்னு நாம திருத்தினது மட்டும் மறந்துடும். பதில நாமளே குடுத்துடணும்."

தினமும் காலை பத்து மணிக்கு மருந்து அறையில் டிரிப் ஏறும். வைட்டமின்கள் கலந்த பை. பி2 சேர்ந்திருப்பதால் நல்ல பொன்மஞ்சள் நிறம். சிஸ்டர் ஊசியைப் பொருத்திவிட்டுப் போவார். அரை மணி நேரம் சக்கரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார், டிரைவர் கையை உருவிவிடாமல் பார்த்துக்கொள்ள. டிரைவர் பழைய வழித்தடங்களை ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார். முப்பது வருடத்துக்கு முந்தைய நிறுத்தம் ஒன்றுகூட விட்டுப்போகாது. அன்று காலை என்ன சாப்பிட்டார் என்று கேட்டால்தான் தலைகீழ்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் மண் விழுந்தது ஒரு திங்கட்கிழமை.

மருத்துவமனைக்குப் புதுக் கண்காணிப்பாளர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எலும்பு டாக்டர். நேர்மையான மனிதர், அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள். ஒவ்வொரு வார்டாக வந்து ஒவ்வொரு கோப்பையும் புரட்டினார். டிரைவரின் கோப்பில், நர்ஸ்கள் தினமும் எழுதும் பக்கங்களுக்கு நடுவில், ஒரு தாள் செருகியிருந்தது. அதில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

'நேற்று காலை பத்து மணிக்கு என்ன செய்தீர்கள்? — கண்டக்டரோடு பீர் குடித்தேன். தினமும் குடிப்போம். அவன்தான் கொண்டுவருவான். (வாசலில் நின்ற உதவியாளரைக் காட்டினார்.)'

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நேராக டிரைவரின் கட்டிலுக்குப் போனார்.

"உங்களுக்கு இங்க பீர் குடுத்தது யாரு?"

"கண்டக்டர்தான் சார். நம்ம ஆளு."

"எப்படி இருக்கும்?"

"நல்லா மஞ்சளா, ஜில்லுன்னு. கையில ஏறும்போதே தெரியும்."

"எத்தனை பாட்டில்?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுதான் சார். டியூட்டில இருக்கோம்ல."

குடியை நிறுத்தும் வார்டில் குடி. கண்காணிப்பாளரின் முகம் சிவந்தது. ஊதிப் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். நோயாளியும் ஊதினார், சக்கரமும் ஊதினார், இரண்டும் பூஜ்யம். "நேத்துக் குடிச்சது இன்னைக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான். சிறுநீரை வெளி லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள் ஆகுமாம். அதுவரை சக்கரம் வார்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது. துணி வெளுக்கும் பிரிவில் போய் விரிப்பு மடிக்கட்டும். வியாழக்கிழமை விசாரணை.

வெள்ளிக்கிழமைதான் ஒப்பந்த ஊழியர்களை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்கும் பட்டியல் மேலே போகும் நாள். புகார் நிலுவையில் இருப்பவர் பெயர் அதில் ஏறாது. லேப் முடிவு வரும்போது சக்கரம் வெறும் ஆளாக வீட்டில் இருப்பார்.

"சார், பதினோரு வருஷமா..." என்று ஆரம்பித்தார் சக்கரம்.

"நீங்களும் இங்க பேஷண்டா இருந்தவர்தானே?" என்றார் கண்காணிப்பாளர். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது அதிகம் சுட்டது.

வீட்டில் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் சட்டையில் வார்டு லோஷன் வாசனைக்குப் பதில் சலவைத்தூள் வாசனை வந்ததை மனைவி கண்டுபிடித்துவிட்டார். சொன்னதும் அவர் கிட்டே வந்து, "இந்தக் காலர் பட்டன் தொங்குது பாரு," என்று மூக்கை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அது நல்லாத்தான் இருக்கு."

"நான் பாத்தா தப்பா?"

"வாயைத் திறந்து காட்டட்டுமா? இன்னைக்கே ஒருதரம் ஊதிட்டேன். நீயும் ஒரு மிஷின் வாங்கி வச்சுக்க."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்யா. தெரிஞ்சும் மூக்கு போகுது, நான் என்ன பண்ண?"

அன்றைக்குச் சக்கரம் ஒன்றைப் புரிந்துகொண்டார். பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் போவது வேலை மட்டும் இல்லை. அந்த மூக்கு இனி ஆயுசுக்கும் காலரைத் தேடி வரும்.

மறுநாள் துணிப் பிரிவுக்கு, விரிப்பு மலைக்கு நடுவில், டெஸ்ட் பொண்ணு வந்து நின்றாள். நோயாளிகளின் ஞாபகசக்தியைச் சோதிக்கும் உளவியலாளர். வேலைக்கு வந்து ஆறு மாதம். பேசுவதைவிட எழுதுவது அவளுக்கு எளிது.

"அந்தத் தாள் என்னுதுங்க," என்றாள்.

"எந்தத் தாள்?"

"பீர் தாள். அது ஒரு டெஸ்ட். இல்லாதத எவ்வளவு இட்டுக்கட்டுறாருன்னு பாக்கறதுக்கே கேக்கற கேள்விங்க. பதில அப்படியே எழுதணும். அதை சோதனைப் பகுதியில வைக்கணும். எனக்கு பஸ் வந்துடுச்சுன்னு அவசரத்துல நர்ஸ் பக்கத்துல சொருகிட்டேன். தலைப்பும் எழுதல." அவள் ஒரு விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "சாருகிட்ட சொல்லப் போனேன். அறை வாசல் வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்துட்டேன்."

சக்கரத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, முதல் நாள் வார்டுக்கு வந்து கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்த தன் ஞாபகம்தான் வந்தது.

"அந்த முனையைப் புடிம்மா," என்றார். "இதை ஒரு ஆளா மடிக்க முடியாது. மடிச்சுக்கிட்டே சொல்லு. அவரு ஏன் என்னை மாட்டிவிட்டாரு? நான் என்ன குறை வச்சேன்?"

"அவரு மாட்டிவிடலைங்க. பொய் சொன்னா, சொல்றவருக்கு அது பொய்யின்னு தெரியும். இவருக்குத் தெரியாது." விரிப்பு மடிய மடிய அவள் பேச்சும் சீராகியது. "மூளைக்கு அடியில, நட்டநடுவுல, இடைமூளைன்னு ஒரு பகுதி இருக்கு. அதுல பட்டாணி அளவுல ரெண்டு சின்ன முண்டு. மாமில்லரின்னு பேரு. அதுல இருந்து ஒரு நரம்புப் பாதை தலாமஸ்ங்கற இடத்துக்கு மேல ஏறும். ஒரு விஷயம் நடந்தா, அது நினைவாப் பதியறதுக்கு இந்த வட்டம் முழுசா வேலை செய்யணும். தயமின் இல்லாம மூளை சர்க்கரையை எரிச்சு சக்தியா மாத்த முடியாது. அப்ப முதல்ல அடிவாங்கற இடத்துல இதுவும் ஒண்ணு. அவரு ஸ்கேன்ல அந்த முண்டு ரெண்டும் சுருங்கி இருக்கு. தலாமஸ்லயும் அடி."

"பழசெல்லாம் சரியா சொல்றாரே?"

"அது எப்பவோ பதிஞ்சு முடிஞ்சது. ஆனா எது எப்ப நடந்ததுங்கற வரிசை போயிடுச்சு. நேத்து என்னன்னு கேட்டா அங்க ஒண்ணும் இல்ல. உடனே எங்கயோ இருக்கற பழசு ஒண்ணு வந்து உக்காந்துடும். கொஞ்சம் இன்னைக்குப் பார்த்ததும் ஒட்டிக்கும்."

சக்கரம் மடிப்பதை நிறுத்தினார். "பத்து மணி. ஜில்லுன்னு கையில ஏறும். மஞ்சள்." அவர் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அடப்பாவி மனுஷா. டிரிப்பைச் சொல்றாரும்மா அவரு."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. டியூட்டி நேரத்துல கண்டக்டரோட குடிச்சது எப்பவோ நடந்திருக்கும். டிரிப் இப்ப நடக்குது. ரெண்டும் சேர்ந்துடுச்சு."

"இதையே சாருகிட்ட சொல்லும்மா."

அவள் தரையைப் பார்த்தாள். "சொல்றேன்," என்றாள். சொல்வாள் என்று சக்கரத்துக்கு நம்பிக்கை வரவில்லை.

விசாரணைக்கு முன்பே கண்காணிப்பாளர் செவ்வாயும் புதனும் டிரைவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். தப்பு செய்தவனை உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்கிற நல்ல எண்ணம்தான். எலும்பு வார்டில் 'எங்கே வலிக்கிறது' என்று மூன்று நாள் கேட்டால் பதில் தெளிவாகிக்கொண்டே வரும். இங்கே பதில் வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை வறுத்த கடலை சேர்ந்தது. புதன்கிழமை இரண்டு பாட்டில், ஒரு மரப்பெஞ்சு, கண்டக்டர் கடன் சொன்ன கதை எல்லாம் வந்துவிட்டது. சிஸ்டர், "சார், கேக்கக் கேக்க ஏறும் சார்," என்று சொல்லிப் பார்த்தார். "இவ்வளவு விவரமா ஒருத்தர் கற்பனை பண்ண முடியுமா சிஸ்டர்?" என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை கண்காணிப்பாளர் அறையில் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் அவர். எதிரில் சிஸ்டர், சக்கரம், டெஸ்ட் பொண்ணு. சிஸ்டர் டிரிப்பின் நிறத்தைச் சொன்னார். சக்கரம் தன் பதினோரு வருடத்தைச் சொன்னார். கண்காணிப்பாளர் இரண்டையும் குறித்துக்கொண்டு, "நோயாளி மூணு நாளா ஒரே பேச்சுல நிக்கிறாரே," என்றார்.

டெஸ்ட் பொண்ணின் கழுத்து சிவந்தது. வாய் திறந்தது, மூடியது. சக்கரம் அவள் பக்கம் திரும்பாமல், மேசைமேல் இருந்த துணி விரிப்பின் ஒரு முனையை லேசாக இழுத்தார். எதிர் முனை அவள் முன்னால் நகர்ந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னுது சார்," என்றாள். பிறகு எல்லாம் வந்தது: சோதனை, அவசரம், தலைப்பில்லாத தாள், ஸ்கேன். மாமில்லரி என்றதும் கண்காணிப்பாளரின் புருவம் ஏறியது.

"அது எனக்குப் பாடத்துல இருந்துச்சு," என்றார். "பரீட்சை எழுதிட்டு வெளிய வந்ததும் மறந்துட்டேன்."

"உங்களுக்கு அந்த முண்டு நல்லா இருக்கு சார். அதான் மறந்தது ஞாபகம் இருக்கு," என்றாள் அவள். சொன்ன பிறகு தானே பயந்துபோனாள். சிஸ்டர் இருமலால் எதையோ மறைத்தார்.

கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. "சரி. படிச்ச விஷயம்னு ஒத்துக்கறேன். ஆனா இந்த மனுஷன் சொன்ன இந்த விஷயம் இட்டுக்கட்டினதுதான்னு எப்படித் தெரியும்? வியாதிக்காரன் சொல்றது எல்லாமே பொய்யா இருக்கணும்னு இல்லையே."

நியாயமான கேள்வி. சக்கரம்தான் தொண்டையைக் கனைத்தார்.

"சார், அவரை இங்க கூட்டிட்டு வரலாமா? நீங்க என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்க வேணாம். பீருன்னு பேச்சே எடுக்க வேணாம். நேத்து காலைல என்ன செஞ்சீங்கன்னு மட்டும் கேளுங்க. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்."

"என் கண்ணு முன்னாடி நீங்க இருந்தா என்ன?"

"நான் இருந்தா என் தலையில விழும் சார். யாரு முன்னால நிக்கிறாங்களோ அவங்க தலையிலதான் விழும். மூணு வாரமாப் பாக்கறேன்."

டிரைவரை வேறொரு உதவியாளர் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றார். இது நடக்காவிட்டால் வேறு வழி ஒன்றும் கையில் இல்லை.

"வணக்கம்," என்றார் கண்காணிப்பாளர். "என்னைத் தெரியுதா?"

மூன்று நாள் அடுத்தடுத்து வந்து கேள்வி கேட்டவரை டிரைவர் புத்தம்புதிதாகப் பார்த்தார். பெரிய மேசை, சுழல் நாற்காலி, கோப்புகள். முகம் மலர்ந்தது.

"மேனேஜர் சாரைத் தெரியாதா? டிப்போவுல வேற யாரு இவ்வளவு பெரிய ரூம்ல உக்காருவா?"

"நேத்து காலைல என்ன செஞ்சீங்க?"

"நேத்தா?" டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க. உங்க கூடத்தானே இருந்தேன்."

"என் கூடவா?"

"பின்னாடி ஷெட்டுல, பெஞ்சு மேல. நீங்கதானே பாட்டில் கொண்டுவந்தீங்க. நல்லா மஞ்சளா, ஜில்லுன்னு. நான் ஒண்ணோட நிறுத்திட்டேன், டியூட்டி இருக்குன்னு. நீங்க மூணு போட்டுட்டு, பெஞ்சு மேல ஏறி நின்னு பாடினீங்க." அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சொல்லணும்மா. குரல் நல்ல குரல்."

சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. தள்ளிக்கொண்டு வந்த உதவியாளர் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

கண்காணிப்பாளர் டீ, காப்பிகூடக் குடிக்காதவர். வாயைத் திறந்து, மறுக்கத்தான் போனார். மறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே விதி பிடிபட்டுவிட்டது. "நான் இங்க டாக்டர்ங்க," என்றார் மெதுவாக. "இது ஆஸ்பத்திரி."

"அப்படியா சார்," என்றார் டிரைவர். அப்போதுதான் அறையில் இருந்த முகங்களைக் கவனித்தார். அடக்கிய சிரிப்பு அவருக்கும் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. கை நாற்காலியின் ஓரத்தைப் பற்றியது. "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

யாரும் கூப்பிடாமலே சக்கரம் உள்ளே வந்தார். தனக்குச் சாதகமாக முடிந்த நேரம். ஆனால் அந்தக் கை பற்றியதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"யாரும் உங்களப் பாத்துச் சிரிக்கலண்ணே. மேனேஜர் பாட்டுன்னதும் சிரிப்பு வந்துடுச்சு. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, உடம்பு தேறிட்டு வருது. இப்ப மருந்து ரூமுக்குப் போறோம்."

டிரைவர் கை தளர்ந்தது. "போலாம், போலாம்," என்றார். கூட்டி வந்த உதவியாளர் நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

டெஸ்ட் பொண்ணு மடியில் ஒரு தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்ததைக் கண்காணிப்பாளர் கவனித்தார். அவளிடம் கேட்டார், "நான் பாடினதையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் சார்."

"இந்தத் தடவை சரியான பக்கத்துல வை. தலைப்பு பெருசா எழுது." பேனாவை எடுத்துப் புகாரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "சிஸ்டர், அந்த மூணு நாள் நான் கேட்டதெல்லாம் அவர் மனசுல இன்னும் இருக்குமா?"

"கொஞ்ச நாள் இருக்கும் சார். கேக்காம விட்டா மங்கிடும்."

"கேக்க மாட்டேன்," என்றார் அவர். சக்கரத்தைப் பார்த்து, "என்மேல வருத்தமா?" என்றார்.

"வருத்தம்தான் சார். ஆனா விரிப்பு மடிக்கக் கத்துக்கிட்டேன். வீட்டுல உபயோகப்படும்."

வெள்ளிக்கிழமை பட்டியல் மேலே போனது. மனைவியிடம் சொன்னபோது அவர் முதலில் காலரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "இங்கிருந்தே நம்பறேன், போ," என்றார்.

சனிக்கிழமை காலை சக்கரம் வார்டுக்குத் திரும்பினார். அவர் இல்லாத நாட்களில் டிரைவர் மருந்து அறைக்குப் போகவே முரண்டு பிடித்ததாகச் சிஸ்டர் சொன்னார். பதிலாக வந்த ஆள் நல்லவர்தான். ஆனாலும் தினமும் கால் தரையை விட்டு எழாதாம். "ஏன் வர மாட்டேங்கறீங்கன்னு கேட்டா அவருக்கே தெரியல," என்றார் சிஸ்டர்.

சக்கரம் நாற்காலியைக் கட்டிலோரம் நிறுத்தினார். "வணக்கம்ணே. நான் இந்த வார்டுல வேலை பாக்கறேன். மருந்து ரூமுக்குப் போகணும்."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கள இதுக்கு முன்னாடி பாத்ததில்லையே. புதுசா?"

"இல்லண்ணே. மூணு வாரமா நான்தான் தள்றேன்."

"அப்படியா." டிரைவர் நம்பவில்லை. ஆனால் தானாகவே நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் தூக்கி மிதிபலகையில் வைத்தார். ஊசி போடும் கையின் சட்டையை அவரே முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார். சிஸ்டர் சக்கரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நடைபாதையில் பாதி தூரம் போனதும் டிரைவர் தலையைச் சாய்த்தார்.

"முன்னாடி ஒருத்தன் தள்ளிட்டிருந்தான் தம்பி."

"அவன் எப்படிண்ணே?"

"மகா குடிகாரன்." டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா திருப்பத்துல ஒரு குலுக்கல் இருக்காது. நீயும் பரவால்ல. போ, நேராப் போ."

சக்கரம் நேராகப் போனார். திருப்பம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, மெதுவாக வளைத்தார்.